நோன்பு எந்த மாதத்தில் வரும்? பெருநாள் கால இருப்பும் மீள்கட்டளை மட்டமும்

உயர்தரத்தில் கணக்கீடு படித்த எவருக்கும் மீள்கட்டளை மட்டம் என்ற சொல் பழக்கமானது. உச்சப் பாவனையை உச்ச வழங்கல் காலத்தால் பெருக்கினால் வருவது அது. கையிருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் அடுத்த கட்டளையை அனுப்ப வேண்டும். பரீட்சைத் தாளில் இந்தச் சூத்திரம் பிசகுவதில்லை. பெரியநீலாவணையில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் அது வருடத்தில் இரண்டு விதமாகப் பிசகுகிறது. சாதாரண மாதங்களில் தேவைக்கு மேல் மூடைகளை அடுக்க வைக்கிறது. பெருநாளும் வருடப் பிறப்பும் நெருங்கி வரும் ஆண்டில் போதாமல் போகிறது.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் வட எல்லையில், மட்டக்களப்பு மாவட்டத்தைத் தொட்டபடி இருக்கிறது பெரியநீலாவணை. தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என்று ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. தமிழர்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்தப் பிரதான வீதியில் ஒரே கடை நோன்புக்கும் விற்கிறது, சித்திரைக்கும் விற்கிறது, தீபாவளிக்கும் விற்கிறது. அதனால் அந்தக் கடைக்கு ஒரு கலண்டர் போதாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதைத்தான்: பண்டிகைத் தேவையை மாதத்தோடு கட்டாமல் பண்டிகையோடு கட்டினால்தான் மீள்கட்டளை மட்டம் சரியாக அமையும்.

மாதம் என்ற தவறான பெட்டி

இருப்பை ஒழுங்குபடுத்துவதில், எப்போது கட்டளையிடுவது என்பதையும் எவ்வளவு கட்டளையிடுவது என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்து 1934இல் எழுதியவர் ஆர்.எச். வில்சன். பருவகால விற்பனையை மதிப்பிட இன்றும் பரவலாகப் பயன்படும் முறையை 1960இல் பீட்டர் வின்டர்ஸ் வெளியிட்டார். வின்டர்ஸ் முறையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பருவச் சுட்டெண் உண்டு. ஒரு மாதத்தின் விற்பனை சராசரி மாதத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே அந்தச் சுட்டெண். டிசம்பர் 1.5 என்றால், டிசம்பரில் ஒன்றரை மடங்கு விற்கும் என்று பொருள். நத்தார் எப்போதும் டிசம்பர் 25தான், ஆகவே அந்த முறை நத்தாருக்குப் பொருந்துகிறது. தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் பொருந்துகிறது.

நோன்புக்கு அது பொருந்தாது. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள். ஆகவே ரமழான் ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. இலங்கையில் நோன்பு 2021இல் ஏப்ரல் 14இலும், 2022இல் ஏப்ரல் 3இலும், 2023இல் மார்ச் 24இலும், 2024இல் மார்ச் 12இலும், 2025இல் மார்ச் 2இலும் தொடங்கியது. இதை ஏப்ரல் மாதத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். 2021 ஏப்ரலில் 17 நோன்பு நாள்கள் இருந்தன. 2022இல் 28, 2023இல் 21, 2024இல் 9, 2025இல் ஒன்றுகூட இல்லை.

2021 முதல் 2024 வரையிலான நான்கு ஏப்ரல்களின் விற்பனையைச் சராசரியாக்கி 2025 ஏப்ரலுக்குக் கட்டளை கொடுத்த கடைக்காரர், இல்லாத நோன்புக்குச் சரக்கு எடுத்திருப்பார். அதே கணக்கு மார்ச்சைக் கிட்டத்தட்டச் சாதாரண மாதமாகக் காட்டியிருக்கும். நோன்பு முழுவதும் அந்த மார்ச்சில்தான் வந்தது. மார்ச்சில் தட்டுப்பாடு, ஏப்ரலில் தேக்கம். இரண்டுக்கும் காரணம் ஒரே கணக்குத்தான்.

நோன்பைப் போல இந்தப் பகுதியில் நகரும் நாள்கள் வேறும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் நகர்கிறது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் ஹிஜ்ரி மாதத்தைப் பின்பற்றுவதால் அதுவும் நகர்கிறது. தீபாவளி அந்த அளவுக்கு ஓடுவதில்லை. ஆனால் 2024இல் ஒக்டோபர் 31இலும் 2025இல் ஒக்டோபர் 20இலும் வந்து, 2026இல் நவம்பர் 8க்குப் போகிறது. மாதக் கணக்கில் அதன் விற்பனை ஒக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கும்.

கொப்பியில் இன்னொரு நிரல்

இதற்குத் தீர்வு எளிமையானது. விற்பனைக் கொப்பியில் திகதிக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் வேண்டும். தலைநோன்பிலிருந்து எண்ணிய கிழமை அதில் எழுதப்படும். தலைநோன்புக்கு முந்திய ஏழு நாள் ஒரு கிழமை. பிறகு நோன்பு 1 முதல் 7, 8 முதல் 14, 15 முதல் 21, 22 முதல் பெருநாளுக்கு முதல் நாள் வரை என்று நான்கு கிழமைகள். பெருநாளில் தொடங்கும் ஏழு நாள் இன்னொரு கிழமை. இப்படி எழுதினால் எந்த ஆண்டின் நோன்பும் மற்ற ஆண்டின் நோன்போடு நேருக்கு நேர் நிற்கும். சித்திரைக்கும் இதே போல, ஏப்ரல் 14க்கு முந்திய கிழமை, பிந்திய கிழமை என்று எழுதலாம்.

சுட்டெண்ணை எடுக்க ஓர் அடிப்படை வேண்டும். நோன்புக்கு மூன்று கிழமை முன்னதாக முடியும் நான்கு சாதாரணக் கிழமைகளின் சராசரியை அடிப்படையாக வைத்து, மற்றக் கிழமைகளை அதனால் வகுக்கலாம். கணக்கு கிலோவில் இருக்க வேண்டும், ரூபாயில் அல்ல. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 94.9 வீதத்தைத் தொட்டது. ரூபாயில் எழுதிய கொப்பி அந்த ஆண்டின் விலையேற்றத்தை விற்பனையின் உயர்வாகக் காட்டும்.

எல்லா ஆண்டும் ஒரே தராசில் நிற்காது என்பதையும் இந்தக் கரையோரம் கசப்பாக அறியும். 2019 ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நடந்தவையும், அடுத்துவந்த சோதனைகளும் ஊரடங்கும் மே 7இல் தொடங்கிய நோன்பைச் சாதாரண நோன்பாக விடவில்லை. 2020 நோன்பு கொரோனா ஊரடங்குக்குள் வந்தது. 2021 நோன்பின் கடைசிப் பகுதியில் பயணத் தடைகள். 2022இல் டீசலும் எரிவாயுவும் பால்மாவும் வரிசையில் நின்று வாங்கும் பொருள்களாயின. அந்த ஆண்டுகளின் அளவுகளைச் சராசரியில் கலந்தால், அந்தத் துன்பத்தின் தடயம் அடுத்த ஆண்டின் கட்டளைக்குள் நுழைந்துவிடும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளின் விகிதங்களே நம்பத்தகுந்த தொடக்கம்.

இன்னொரு பொய்யும் கொப்பிக்குள் இருக்கும். சரக்கு முடிந்த நாளில் கொப்பியில் விற்பனை பூச்சியம், தேவை பூச்சியம் அல்ல.

“காக்கா, சீனி ரெண்டு கிலோ தாங்க.”

“முடிஞ்சி ராத்தா, லொறி இன்னும் வரல்ல.”

அவர் திரும்பிப் போகும்போது சீனி மட்டும் போவதில்லை. அதோடு வாங்கியிருக்கக் கூடிய மாவும் ரவையும் அடுத்த கடைக்குப் போகின்றன. இந்தப் பேச்சு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சீனி முடிந்த நாளின் பக்கத்தில் ஒரு புள்ளடி போட்டு, மிச்ச நாள்களின் விற்பனையைக் கொண்டு அந்தக் கிழமையை நிரப்ப வேண்டும். நான்கு நாளில் 160 கிலோ விற்றுப் பிறகு முடிந்திருந்தால், அந்தக் கிழமையின் தேவை 160 அல்ல. அதே வேகத்தில் ஏழு நாளுக்கு 280. இதைத் திருத்தாத கடையில் தட்டுப்பாடு தானே தன்னை வளர்க்கும்: இந்த ஆண்டு தீர்ந்ததால் குறைவாக விற்றது, குறைவாக விற்றதால் அடுத்த ஆண்டு குறைவாக எடுக்கப்படும், மறுபடியும் தீரும்.

சீனியின் கணக்கு

நடுத்தரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒவ்வொரு கடையும் தன் கொப்பியிலிருந்து தன் எண்களை எடுக்க வேண்டும். கடை கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து 50 கிலோ மூடைகளாகச் சீனி எடுக்கிறது. கட்டளை கொடுத்து ஒரு கிழமையில் லொறி வருகிறது. சாதாரணக் கிழமையில் 200 கிலோ விற்கிறது. அதில் 120 முஸ்லிம் வீடுகளுக்கும் 80 தமிழ் வீடுகளுக்கும் போகிறது.

பாதுகாப்பு இருப்பு என்பது மனதில் தோன்றும் ஒரு சுற்று எண் அல்ல. நம் மதிப்பீடு வழக்கமாக எவ்வளவு தவறுகிறது என்பதிலிருந்து பிறக்கும் அளவு அது. ஒவ்வொரு கிழமைத் தொடக்கத்திலும் எவ்வளவு விற்கும் என்று எழுதிவைத்து, முடிவில் உண்மையில் விற்றதோடு ஒப்பிட்டு, கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசத்தை மட்டும் குறித்து வர வேண்டும். சராசரி வித்தியாசம் 24 கிலோ என்றால் அதை 1.25ஆல் பெருக்க, நியம விலகல் ஏறத்தாழ 30 கிலோ. நூறு தடவையில் 95 தடவை சரக்கு தீராமல் இருக்க வேண்டுமானால் அதை 1.65ஆல் பெருக்க வேண்டும். 50 கிலோ வருகிறது. ஒரு கிழமைத் தேவை 200, பாதுகாப்பு 50. மீள்கட்டளை மட்டம் 250 கிலோ, அதாவது ஐந்து மூடை.

இனி 2023இன் நிலைமைக்குள் இதே கடையை வைப்போம். அந்த ஆண்டு நோன்பின் மூன்றாம் கிழமை ஏப்ரல் 7 முதல் 13 வரை. சித்திரைக்கு முந்திய கிழமையும் அதுவே. ஏப்ரல் 14இல் வருடப் பிறப்பு. அன்றே நோன்பின் கடைசிக் கிழமை தொடங்குகிறது. 22ஆம் திகதி பெருநாள். கொப்பியிலிருந்து எடுத்த சுட்டெண்கள் இப்படி என்று வைப்போம்: முஸ்லிம் வீடுகளில் நோன்பின் நடுக் கிழமைகளுக்கு 1.3, கடைசிக் கிழமைக்கு 1.7. தமிழ் வீடுகளில் சித்திரைக்கு முந்திய கிழமைக்கு 1.8, பிந்திய கிழமைக்கு 0.8.

முதல் கிழமையில் 120இன் 1.3 மடங்கு 156. 80இன் 1.8 மடங்கு 144. கூட்டினால் 300 கிலோ. இங்கே இரண்டு சுட்டெண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி 200இல் ஏற்றிவிடுவது எளிதில் நேரும் தவறு. அப்படிச் செய்தால் 468 வரும். நோன்பு பிடிக்கும் வீடு சித்திரைப் பலகாரம் சுடுவதில்லை. ஒவ்வொரு சுட்டெண்ணும் அதற்குரிய வீடுகளின் மேல்தான் ஏற வேண்டும், பிறகு கூட்ட வேண்டும். இரண்டாம் கிழமையில் இதே போல 204உம் 64உம் சேர்ந்து 268.

இந்த இரண்டு கிழமைகளிலும் லொறி வராது என்பதுதான் ஏப்ரலின் சிறப்பு. வருடப் பிறப்புக்குக் கொழும்பு காலியாகிறது. மொத்தக் கடைகள் பூட்டப்படுகின்றன. மூடை தூக்குபவர்களும் சாரதிகளும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். இது முன்கூட்டியே தெரிந்த தாமதம், ஆகவே பாதுகாப்பு இருப்புக்குள் திணிக்க வேண்டியதில்லை. வழங்கல் காலத்தையே இரண்டு கிழமையாக எழுதிவிட வேண்டும். தேவை 300உம் 268உம் சேர்ந்து 568. பண்டிகைக் கிழமைகளில் மதிப்பீடு கூடுதலாகத் தவறும். அது 20 வீதம் என்று கொண்டால், விலகல் முதல் கிழமைக்கு 60, இரண்டாவதுக்கு 54. இவற்றை அப்படியே கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க ஏறத்தாழ 81 வரும். அதன் 1.65 மடங்கு 133. ஏப்ரல் 7 காலையில் கடைக்குள் இருக்க வேண்டியது 701 கிலோ, பதினான்கு மூடை.

இதைப் பரீட்சைச் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். உச்சப் பாவனை கிழமைக்கு 300, உச்ச வழங்கல் காலம் இரண்டு கிழமை, ஆகவே 600. சாதாரண மாதத்துக்கு அது 350 கிலோ கூடுதல். அந்த ஏழு மூடைக்கான காசு வருடம் முழுக்கப் பின்னறையில் முடங்கிக் கிடக்கும். இந்த ஏப்ரலுக்கோ அது 100 கிலோ குறைவு.

701 என்ற எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. வர்க்கமூலக் கணக்கு, ஒரு கிழமையின் தவறு அடுத்த கிழமையின் தவறோடு தொடர்பில்லாதது என்று கொள்கிறது. சீனி விலை ஏறப் போகிறது என்று ஊரில் பேச்சு எழுந்தால் இரண்டு கிழமையும் ஒரே பக்கம் சாயும். அப்போது 60ஐயும் 54ஐயும் நேராகக் கூட்டி 1.65ஆல் பெருக்க வேண்டும். மட்டம் 756க்கு ஏறும். ஒரு மூடை வித்தியாசம். அந்த ஒரு மூடையைச் சேர்க்க, ஊர்ப் பேச்சுக்குக் காது கொடுக்கும் கடைக்காரருக்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை.

ஏறிய மட்டத்தை இறக்குவதிலும் இதே கவனம் வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் இந்தக் கிழமைக்கு அல்ல, சரக்கு வந்து சேரும் கிழமைக்கு. பெருநாளுக்கு முந்திய கிழமையில் கடை நிறைய ஆள்கள் நிற்பார்கள். அந்த நெரிசலைப் பார்த்து அன்றைக்குக் கொடுக்கும் கட்டளை பெருநாள் முடிந்துதான் இறங்கும். அப்போது வீடுகளில் மிச்சச் சீனி இருக்கும், முஸ்லிம் வீடுகளின் சுட்டெண் 0.8க்கு விழுந்திருக்கும். 120இன் 0.8 மடங்கு 96, அதோடு வழமைக்குத் திரும்பிய 80, ஆக 176. பாதுகாப்போடு 226 போதும். பெருநாள் முடிந்தபின் மூன்று கிழமைக்குரிய சரக்கு தேங்கி நிற்கிறதென்றால், மட்டம் ஒரு கிழமை பிந்தி இறக்கப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஈத்தம்பழமும் பிறையும்

சீனி மிஞ்சினால் அடுத்த கிழமை விற்கும். ஈத்தம்பழம் அப்படியல்ல. பெருநாளோடு அதன் தேவை சரிந்துவிடும். ஆகவே 95 வீதம் என்ற இலக்கை அதற்கும் அப்படியே வைப்பது பிழை. அதன் கடைசிக் கட்டளைக்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: ஒரு கிலோ குறைந்தால் எவ்வளவு இழப்பு, ஒரு கிலோ மிஞ்சினால் எவ்வளவு இழப்பு?

900 ரூபாய்க்கு எடுத்து 1,100க்கு விற்கும் பழம், பெருநாளுக்குப் பிறகு 750க்குத்தான் போகும் என்று வைப்போம். குறைந்தால் 200 ரூபாய் இலாபம் போகிறது. மிஞ்சினால் 150 ரூபாய் நட்டம். 200ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 350ஆல் வகுத்தால் 0.57. நூறில் 57 தடவை போதுமான அளவுக்கு மேல் எடுப்பது இலாபமில்லை. அந்தக் கடைசிக் கட்டளைக்கு மதிப்பீடு 150 கிலோ, விலகல் 40 என்றால், எடுக்க வேண்டியது 157 கிலோ மட்டுமே. 95 வீத இலக்கு 216 கிலோ எடுக்கச் சொல்லியிருக்கும். அந்த இடைவெளியில்தான் பெருநாளுக்குப் பிறகு விற்காமல் காயும் பெட்டிகள் நிற்கின்றன. சவூதி அரேபியாவிலிருந்து அன்பளிப்பாக வரும் ஈத்தம்பழம் பள்ளிவாசல்கள் வழியாகப் பங்கிடப்படும் நாளையும் கேட்டு வைக்க வேண்டும். அந்தக் கிழமையில் கடைப் பழம் மெதுவாகத்தான் போகும்.

நோன்பு 29இன் மாலை இன்னொரு நிச்சயமின்மையைக் கொண்டுவருகிறது. மஃரிபுக்குப் பிறகு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக் குழு கூடி முடிவை அறிவிக்கும் வரை, நாளை பெருநாளா முப்பதாவது நோன்பா என்று எவருக்கும் தெரியாது. வட்டிலப்பத்துக்கான முட்டையும் தேங்காயும் கருப்பட்டியும், சமைக்க இறைச்சியும் அந்த அறிவிப்புக்குப் பிறகே அவசரமாகக் கேட்கப்படும். இதில் மொத்தத் தேவை மாறுவதில்லை, நேரம்தான் ஒரு நாள் தள்ளிப் போகிறது. எனவே கருப்பட்டி போலக் கெடாதவற்றை 29க்கு முன்பே முழுதாக வைத்துக்கொள்ளலாம். கெடும் பொருளுக்கு மட்டும், அறிவிப்புக்குப் பிறகு இரவோடு இரவாகச் சரக்குத் தரக்கூடிய ஊர் வழங்குநர் ஒருவரோடு முன்பே பேசி வைப்பது, கூடுதல் இருப்பை விட மலிவான பாதுகாப்பு.

நோன்பு மழைக்குள் நுழையும்போது

ஏப்ரல் நெருக்கடியிலிருந்து நோன்பு இப்போது விலகி நிற்கிறது. 2026இல் அது பெப்ரவரி 19 வாக்கில் தொடங்கி மார்ச் 20 அளவில் முடிகிறது, 2027இல் பெப்ரவரி இரண்டாம் கிழமையில் தொடங்குகிறது. இது அம்பாறையில் மகாபோக அறுவடைக் காலம். நெல் விற்ற காசு கையில் இருக்கும்போது வரும் நோன்பு, விதைப்புச் செலவுக்குப் பிறகு வரும் நோன்பைவிட அதிகமாக விற்கும். 2023இல் எடுத்த 1.3ஐ அப்படியே கொண்டுவந்தால் மதிப்பீடு ஒரே பக்கமாகக் குறைந்து கொண்டே இருக்கும். எழுதிய மதிப்பீட்டை உண்மை விற்பனை இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து தாண்டினால், அது தற்செயல் அல்ல. சுட்டெண்ணை உயர்த்த வேண்டும்.

அதற்கப்பால் நோன்பு மழைக்குள் போகிறது. 2029இல் ஜனவரி நடுப்பகுதியிலும், 2030இல் ஜனவரி முதல் கிழமையிலும் மீண்டும் டிசம்பர் கடைசியிலுமாக ஒரே ஆண்டில் இரண்டு தடவையும் நோன்பு தொடங்கும். வடகீழ்ப் பருவ மழையின் மாதங்கள் அவை. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் கிழக்கின் வீதிகளை எப்படி அடைத்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சித்திரை மூடலைப் போல வெள்ளத்துக்குத் திகதி கிடையாது. வழங்கல் காலமே நிச்சயமில்லாததாகிவிடுவதால், அதன் விலகலையும் கணக்கில் ஏற்ற வேண்டும்:

```
ROP = d × L + z × √(L × s² + d² × sL²)
```

இதில் `d` கிழமைத் தேவை, `L` வழங்கல் காலம், `s` தேவை மதிப்பீட்டின் விலகல், `sL` வழங்கல் காலத்தின் விலகல், `z` முன்பு பெருக்கிய அதே 1.65. நமது கடையில் நோன்பின் நடுக் கிழமைத் தேவை 156உம் 80உம் சேர்ந்து 236 கிலோ. 240 என்று வைப்போம். `s` 48, வழங்கல் காலம் ஒரு கிழமை. வீதி ஒழுங்காக இருந்தால் மட்டம் 319 கிலோ. லொறி அரைக் கிழமை முன்பின்னாகலாம் என்றால், அதாவது `sL` 0.5 என்றால், 453 கிலோ. வாங்குபவர்களின் பழக்கம் துளியும் மாறவில்லை. மழைக்காக மட்டும் 134 கிலோ, ஏறத்தாழ மூன்று மூடை கூடியிருக்கிறது.

கடைக்காரர் இன்றே தொடங்கக் கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கால லொறிக்கும் கட்டளை கொடுத்த நாளையும் மூடை இறங்கிய நாளையும் கொப்பியில் எழுதிவைப்பது. `sL` என்ற எண் வேறு எங்கிருந்தும் கிடைக்காது. 2029இல் நோன்பு மழைக்குள் வரும்போது, இப்போது தொடங்கி ஒவ்வொரு மாரியிலும் எழுதிய திகதிகள் அந்தக் கடையில் இருக்கும்.